செம்புப் பானையில் பத்துப் பேர்

பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவர் பானையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, கறுப்பு மையில் எழுதும் பேனாவைத் திறந்து, "சொல்லுங்கம்மா, யார் யாரு பேரு?" என்று கேட்டபோதுதான் செண்பகவல்லி அந்தச் சீட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்துப் பிரித்தாள். நேற்று சாயங்காலம் ஞானசௌந்தரி நாலாக மடித்துக் கொடுத்த சீட்டு. கோடு போட்ட தாளில் குண்டு குண்டான எழுத்து. மேலே பூங்கோதை, இளமாறன் என்று பெண்ணும் மாப்பிள்ளையும், கீழே 'அன்புடன்' என்று போட்டு, அதற்கும் கீழே பேர்கள். முதலில் ஆபீசர் திரவியம் சார். அப்புறம் ஞானசௌந்தரி. அப்புறம் அருள்ராஜ். அவள் கண் தன்பாட்டுக்குக் கீழே இறங்கி, கடைசியில் பெருக்கிச் சுத்தம் செய்கிற மாடத்தி பேரில் வந்து நின்றது. மறுபடி மேலே போனது. பத்துப் பேர். கோவில்பட்டி மண் பரிசோதனை நிலையத்தில் மொத்தம் பன்னிரண்டு பேர், கல்யாணப் பெண்ணைக் கழித்தால் பதினொன்று. மண்ணை எடை போட்டுச் சல்லடையில் சலித்துப் பதினேழு வருசம் வேலை பார்த்தவளுக்குப் பதினொன்று எண்ணத் தெரியாதா என்ன. மூன்றாவது தடவையாக விரல் விட்டு எண்ணினாள். விடுபட்டிருந்தது அவள் பேர்தான். "ஒரு நிமிசம்ணே," என்றாள். அவர் பேனாவை மூடவில்லை, பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். எழுதுவதற்கு முன்னால் மை காய்ந்துவிடப் போகிறதே என்று அவளுக்கு ஒரு சம்பந்தமில்லாத கவலை வந்தது.

மறதி. வேறென்ன. யாருக்குத்தான் மறதி இல்லை. ஞானசௌந்தரிக்கு அடுப்பில் பாலை வைத்துவிட்டு பஸ் ஏறி வந்த மறதியே உண்டு. கடைக்குப் போகிறது நீங்கதானே அக்கா, உங்க பேரை நீங்களே சொல்லிக்கொள்ள மாட்டீங்களா என்று விட்டிருப்பாள். எதையாவது எழுதப் போகிறவர்கள் தங்களை எண்ணாமல் விடுவது சகஜம், ஆனால் எழுதியவள் தன்னை எண்ணியிருக்கிறாளே, இரண்டாவதாகவே எண்ணியிருக்கிறாளே, விட்டது என்னையல்லவா. சரி, வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதியிருப்பாள். வரிசை அப்படித்தான் இருக்கிறது. வியாழக்கிழமை எழுதினாள், வியாழக்கிழமை நான் லீவு, அதனால் அந்த இடம் காலியாக இருந்திருக்கும், கண் தாண்டிப் போயிருக்கும். செண்பகவல்லிக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. ஆனால் அருள்ராஜ்? அவன் ஒரு மாசமாக விளாத்திகுளத்தில் நடமாடும் பரிசோதனை வண்டியில் இருக்கிறான், கையெழுத்தும் அங்கேதான் போடுகிறான், அவன் பேர் மட்டும் எப்படி மூன்றாவதாக வந்து குந்திக்கொண்டது. அப்படியானால் பதிவேட்டைப் பார்க்கவில்லை, மனசிலிருந்து எழுதியிருக்கிறாள். மனசிலிருந்து எழுதினால் நான் வராமல் இருப்பேனா. தினமும் மத்தியானம் என் கேரியரிலிருந்து ஒரு கரண்டி குழம்பு வாங்காமல் சாப்பிட மாட்டாளே. வியாழக்கிழமை லீவு எதற்கு என்பதும் அவளுக்குத் தெரியும். அவளிடம்தான் சொல்லிவிட்டுப் போனேன். "நாளைக்கு அவருக்குத் திதி, வர மாட்டேன்." சொன்ன மறுநாள்தான் சீட்டு எழுதினாள். அய்யோ, புருசன் இல்லாதவள் என்பதை அவள் கையிலேயே எடுத்துக் கொடுத்தது நான்தானா.

இந்தப் பானைக்குப் பட்ட பாடு கொஞ்சமா. பூங்கோதையை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் சேர்த்து வாட்சப்பில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதில் மூன்று நாள் சண்டை. சுவர்க் கடிகாரம் என்று டிரைவர் சொன்னதும், ஒரு வீட்டுக்கு எத்தனை சுவர் இருக்கும், பத்துக் கடிகாரம் வரும் என்று சிரித்தார்கள். மிக்சி என்றார் ஒருவர். அதுதான் சீரில் வருகிறதே. ஆளாளுக்குக் கவரில் மொய் எழுதிவிடலாம் என்றார் திரவியம் சார், எல்லோரும் சேர்ந்து கொடுப்பது என்பது அதில் எங்கே சார் இருக்கு என்று ஞானசௌந்தரி மடக்கினாள். வெள்ளி விளக்கு என்று ஒரு பேச்சு வந்தது, பூஜை அறைக்கு அது பெண்ணுடைய அம்மா வாங்குவது, நாம் முந்தக் கூடாது என்று அதுவும் போனது. கடைசியில் அத்தனை பேரும் சேர்ந்து செண்பகவல்லி தலையில் கட்டினார்கள். "அக்கா, பாத்திரம் பாக்க உங்களுக்குத்தான் தெரியும். அவளும் உங்ககிட்டதான் எல்லாம் சொல்லுவா. என்ன இருக்கு, என்ன இல்லன்னு மெதுவா கறந்துருங்க." கறந்தாள். மண் காயப்போடும் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, மாப்பிள்ளை வீடு ஓசூரில் எந்த மாடி, தண்ணி எப்படி, அடுப்பு கேஸா கரண்டா, மாமியார் கூட இருப்பார்களா என்று ஒவ்வொன்றாக. பூங்கோதை, "தண்ணிதான்க்கா உப்பு. சுத்தம் பண்ற மெசின் மாட்டிருக்காங்க. ஆனா எனக்கு மெசின் தண்ணி ருசியே இல்ல. எங்க வீட்டுல செம்புக் குடத்துல ஊத்தி வச்சுல்ல குடிப்போம்," என்றாள். அங்கேயே முடிவாகிவிட்டது. அடியில் குழாய் வைத்த செம்புப் பானை. அடித்து நெளிநெளியாக வேலைப்பாடு செய்தது பார்க்க அழகு, ஆனால் பேர் வெட்ட முடியாது. ஆகையால் வழவழப்பானது. உள்பக்கம் கையை விட்டுத் தடவி, குழாயின் வாசர் இறுக்கமா என்று தண்ணீர் ஊற்றிச் சொட்டுகிறதா பார்த்து, மூடி சரியாக உட்காருகிறதா என்று நாலு பானை மாற்றி, இந்த ஐந்தாவதை எடுத்தாள். வெறும் பானையாகக் கொடுக்கக் கூடாதென்று உள்ளே போட ஒரு கிலோ கல்கண்டும் வாங்கிப் பைக்குள் இருக்கிறது. இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்யும்போது மனசு நிறைந்து இருந்தது. பிள்ளையில்லாத அவளுக்கு ஒரு பிள்ளைக்குச் சீர் வாங்குவது போல இருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை. அந்த மனசைத்தான் இப்போது ஒரு துண்டுத் தாள் வந்து குடைந்துகொண்டிருந்தது.

மாடத்தி பேர் இருக்கிறதே என்று மனசு மறுபடி அங்கே போய் முட்டியது. மாடத்தியின் புருசன் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் திருப்பூர்ப் பக்கம் ஓடிப்போனவன், ஒரு காசு அனுப்பினவன் இல்லை, அங்கே வேறு குடும்பம் என்று கேள்வி. ஆனாலும் அவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான், மாடத்தி கழுத்தில் மஞ்சள் கயிறு இருக்கிறது, சீட்டில் பேர் இருக்கிறது. என் பால்பாண்டி ஒருநாள்கூட என்னை விட்டுப் போய் இருந்தவர் இல்லை. செத்துத்தான் போனார். ஓடிப்போயிருந்தால் என் பேர் வந்திருக்குமோ. சீ, என்ன நினைப்பு இது, மாடத்தி என்ன பாவம் பண்ணினாள், அவள் பேர் வந்ததற்கு எனக்கு ஏன் வயிறு எரிகிறது. அவள்தான் பாத்திரத்தில் தன் பேர் வெட்டுவதை ஒருதடவை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள். "எம் பேர எதுலயும் வெட்டுனது இல்லக்கா, ரேசன் கார்டுல மட்டும்தான் இருக்கு," என்றாள். அவள் பேர் நன்றாக வரட்டும். ஆனால் குங்குமம் ஞாபகத்துக்கு வருகிறதே. போன மாசம் சாத்தூரில் நிச்சயதார்த்தம். ஆபீசிலிருந்து வேன் பிடித்துப் போனார்கள். தாம்பூலத் தட்டு மாற்றி முடிந்ததும் பூங்கோதையின் அத்தை குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பெண்களிடம் நீட்டிக்கொண்டு வந்தார். ஞானசௌந்தரி எடுத்துக்கொண்டாள். அடுத்தது செண்பகவல்லி. சிமிழ் ஒரு நொடியும் தயங்கவில்லை, வழியில் ஒரு தூண் இருந்தால் எப்படிச் சுற்றிக்கொண்டு போவோமோ அப்படி அவளைச் சுற்றிக்கொண்டு மாடத்தியிடம் போனது. அந்த அம்மாள் முகத்தில் வெறுப்பே இல்லை, சிரிப்புத்தான் இருந்தது. செண்பகவல்லியும் பதிலுக்குச் சிரித்தாள். அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது. அவள் கை பாதி நீண்டிருந்தது. நீண்ட கையைக் கொண்டுபோய் முந்தானையைச் சரிசெய்தாள். ஞானசௌந்தரி அதைப் பார்த்தாளா? அவள் அப்போது பூவைத் தலையில் செருகிக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை என்றுதான் செண்பகவல்லி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பார்த்திருக்கிறாள். அதனால்தான் இந்தச் சீட்டு.

"கூட ரெண்டு உருப்படி கிடக்கும்மா. அஞ்சு மணிக்கு டீ குடிக்கப் போயிருவேன்," என்று பேர் வெட்டுகிறவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் ஒரு பென்சில், பக்கத்தில் வயரோடு கிடந்த வெட்டும் மெசின். "யோசிச்சே சொல்லுங்க. வெட்டிட்டா அழிக்க முடியாது. கடையிலயும் திருப்பி எடுக்க மாட்டாங்க. போன வாரம் மாப்ள பேரையே தப்பா எழுதிக் குடுத்துட்டு ஒருத்தர் அழுதாரு." செண்பகவல்லி தலையாட்டினாள். அழிக்க முடியாது. அதுதான் பயம். காகிதத்தில் எழுதினால் கிழித்துப் போடலாம், செம்பில் விழுந்தால் விழுந்ததுதான். அந்தப் பிள்ளை தினமும் காலையில் எழுந்து அந்தக் குழாயைத்தான் திறக்கப் போகிறது. மாப்பிள்ளை வேலை விட்டு வந்து அதில்தான் தண்ணீர் குடிக்கப் போகிறான். அவன் குடிக்கிற தண்ணீருக்கு மேலே என் பேர் இருக்க வேண்டுமா. ஒருவேளை, ஒருவேளைதான், அவனுக்கு ஒரு தலைவலி காய்ச்சல் என்று வந்தால் அத்தைக்காரி பானையைத் திருப்பிப் பார்க்க மாட்டாளா. அத்தைக்காரி கிடக்கிறாள், நான் பார்க்க மாட்டேனா. ஓசூரிலிருந்து போன் வரும்போதெல்லாம் எனக்குப் பக்கென்று இருக்காதா. இப்படி நினைத்ததும் செண்பகவல்லிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஞானசௌந்தரியையும் அத்தையையும் இவ்வளவு நேரம் திட்டினாயே, உள்ளே உட்கார்ந்துகொண்டு அதையே சொல்கிறவள் யார்?

அவள் வீட்டிலும் ஒரு குடம் இருக்கிறது. எவர்சில்வர் குடம், அவள் கல்யாணத்துக்குப் பால்பாண்டியோடு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து கொடுத்தது. அப்போது இந்த மெசின் ஏது, உளியை வைத்துத் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாகப் பேர் போட்டிருப்பார்கள். பதினேழு வருசமாக அதைத் தேய்த்துக் கழுவியதில் அந்தப் பேர்களெல்லாம் விரலுக்கே மனப்பாடம். பத்துப் பேர். அதில் ஒன்று அன்னபாக்கியம். யார் அந்த அன்னபாக்கியம்? ஒருதடவை கேட்டதற்கு, "பெட்டி ஒட்டுற பக்கம் ஒரு பெரியம்மா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்குக் கடையில் நின்றுகொண்டு அந்தப் பெரியம்மாவைக் கல்யாண மண்டபத்தில் தேடுகிறாள். மேடையில் வரிசையாக வந்தார்கள், தட்டைக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஓரமாக ஒரு வெள்ளைச் சேலை நின்றதா. நெற்றியில் பொட்டு இருந்ததா, திருநீறா. ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததனாலேயே மனசு அந்தப் பெரியம்மா நெற்றியைத் தன் இஷ்டத்துக்கு வெறுமையாக்கிப் பார்க்கிறது. அந்தப் பேர்தான் செய்ததா. பால்பாண்டிக்கு நெஞ்சுவலி வந்தது அந்தப் புள்ளிகளாலா. அப்படியென்றால் மற்ற ஒன்பது பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள், ஒன்பது பேருக்கும் புருசன் பெண்டாட்டி பிள்ளை குட்டி இருந்ததே, ஒன்பதும் சேர்ந்து ஒன்றைத் தடுக்க முடியவில்லையா. இல்லை, பதினாலு வருசம் அவர் இருந்தது அந்த ஒன்பது பேரால்தானா. கணக்கு எங்கே இழுத்தாலும் நீள்கிறது. பால்பாண்டி இருந்திருந்தால், "உனக்கு மண்ணைச் சலிச்சுச் சலிச்சு மனசும் சல்லடையாப் போச்சு," என்று சிரித்திருப்பார். அவரைப் பார்த்து ஒருதடவை அந்தச் சிரிப்பைக் கேட்க முடிந்தால் போதும் என்று இருந்தது. கடை நடுவே நின்று அழக் கூடாதென்று பானையின் மூடியைப் பார்த்தாள், அதில் அவள் முகம் அகலமாகத் தெரிந்தது.

"இடம் பத்தாதுன்னு யோசிக்கீங்களோ?" என்று பேர் வெட்டுகிறவரே ஒரு வழி சொன்னார். "'மண் பரிசோதனை நிலைய நண்பர்கள்'னு ஒரே வரியாப் போட்டுரலாம்மா. எல்லாரும் இப்ப அப்படித்தான் போடுதாங்க. யாரு முன்ன யாரு பின்னன்னு சண்டையும் இல்ல." அவளுக்கு ஒரு கணம் நிழலில் வந்து நின்றது போல இருந்தது. நண்பர்கள். அதற்குள் நானும் இருப்பேன், யாருக்கும் தெரியாமல் இருப்பேன். என்ன அருமையான வழி. திரவியம் சாரும் ஒன்றும் சொல்ல மாட்டார். மாடத்திதான். திங்கட்கிழமை கல்யாணத்தில் பானையைச் சுற்றிச் சுற்றி வந்து தன் பேரைத் தேடுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள், இல்லையென்றால் ஒன்றும் கேட்க மாட்டாள். நான் ஒளிந்துகொள்வதற்கு அவளையுமா ஒளித்து வைப்பது. அதோடு, ஆபீசில் செண்பகவல்லியின் வேலையே பேர்ச் சீட்டுப் பார்ப்பதுதானே. மூட்டை மூட்டையாக மண் வரும். ஒவ்வொரு பைக்கும் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, விவசாயி பேர், ஊர், சர்வே நம்பர். சீட்டு இல்லாத பையை என்ன நல்ல மண்ணாக இருந்தாலும் பரிசோதிக்க முடியாது, ஒரு மாசம் வைத்திருந்து வேப்பமரத்தடியில் கொட்டிவிட வேண்டும். எத்தனை பையை அப்படிக் கொட்டியிருக்கிறாள். கொட்டும்போது ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. "வேண்டாம்ணே, பேரோடதான் வேணும்," என்றாள். சொன்ன பிறகுதான் எந்தப் பேரோடு என்று தனக்கே தெரியவில்லை என்பது உறைத்தது. போனை எடுத்தாள்.

மூன்றாவது மணியில் ஞானசௌந்தரி எடுத்தாள். "என்னக்கா, வாங்கிட்டீங்களா? எது, அந்த குழா வச்சதா?" பின்னால் குக்கர் விசில் அடித்தது. "வாங்கிட்டேன். பேரு வெட்டப் போறாங்க. சீட்டுல பத்துப் பேருதான் இருக்கு, சௌந்தரி." குக்கர் இன்னொரு விசில் அடித்தது. "பத்தா? சரியா எண்ணுனீங்களாக்கா?" "எண்ணிட்டேன்." அப்புறம், "நீங்கதான போறீங்க, நீங்களே பாத்துக்கிடுவீங்கன்னுதான்..." என்று இழுத்தாள். "பாத்துக்கிடுவேன்னா?" "அதான்க்கா. உங்க இஷ்டம். நீங்க எப்படிப் போட்டாலும் எனக்குச் சம்மதந்தான்." செண்பகவல்லி, "சரி, வைக்கேன்," என்று வைத்துவிட்டாள். உங்க இஷ்டம். இதை எப்படி எடுத்துக்கொள்வது. தெரியாமல் விட்டிருந்தால், ஐயோ அக்கா, மறந்துட்டேனே, மொதல்ல உங்க பேரப் போடுங்க என்று பதறியிருப்பாள். வேண்டாம் என்று விட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பாள், அவளுக்குப் பொய் நன்றாக வரும். இரண்டும் இல்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் பாவம், எழுதினால் அத்தைக்காரி என்ன சொல்வாளோ, எழுதாவிட்டால் அக்கா என்ன நினைப்பாளோ என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அந்த இடத்தை அப்படியே மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள். யாருக்கு வலிக்குமோ அவளையே முடிவெடுக்கச் சொல்லிவிட்டால் மற்ற எல்லோருக்கும் சௌகரியம். நல்லவர்கள்தான். குழம்பு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள்தான். பால்பாண்டி இறந்தபோது பத்து நாளும் வந்து நின்றவர்கள்தான். அதனால்தான் கோபமும் முழுசாக வர மாட்டேன் என்கிறது, பாதி வந்து நிற்கிறது.

பூங்கோதைக்குப் போன் போட்டுக் கேட்டால்? கல்யாணப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது. அவள் என்ன சொல்வாள், போடுங்கக்கா என்பாள், சொல்லும்போது குரல் ஒரு இழை தயங்கினால் அந்த இழையை நான் சாகும்வரை வைத்துக்கொண்டு அலைவேன். தயங்காவிட்டாலும், தயங்காததுபோல் நடித்தாளோ என்று அலைவேன். யாரிடம் கேட்டாலும் இது தீராது. ஞானசௌந்தரிக்கே அவள் ஏன் எழுதவில்லை என்பது தெரியாதோ என்னவோ. செண்பகவல்லி பானையைப் பார்த்தாள். ஐந்து பானை பார்த்துப் பொறுக்கியது. குழாயைத் திருகித் திருகிச் சோதித்தது. இந்தப் பிள்ளை வேலைக்கு வந்த முதல் நாள் திராவகத்தைக் கையில் கொட்டிக்கொண்டு நின்றபோது குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடியது யார். கெடுதல் வர வேண்டுமென்றால் என் கையால் அன்றைக்கே வந்திருக்காதா. எனக்கு அவள் மேல் ஆசை. அவள் நன்றாக இருக்க வேண்டும். அவள் வீட்டில் என் பேர் இருக்க வேண்டும் என்றும் ஆசையாக இருக்கிறது. ரொம்ப ஆசையாக இருக்கிறது. இவ்வளவு நேரமும் சுற்றியது இதை ஒப்புக்கொள்ளத்தானா என்று அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, அது பாட்டுக்கு ஒரு ஓரத்தில் இருந்தது. "எழுதுங்கண்ணே," என்றாள்.

ஒவ்வொரு பேராக அவள் வாசிக்க, அவர் பானையின் கழுத்துக்குக் கீழே சுற்றி எழுதினார். மாடத்தி வரைக்கும் வந்து, அளந்து பார்த்து, "இன்னும் ஒரு பேருக்கு எடம் இருக்கு," என்றார். "செண்பகவல்லி," என்றாள் அவள். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கத்தில் டம்ளர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். பேர் வெட்டுகிறவர் பேனாவை நிறுத்தி, "எல்லாருக்கும் இனிசியல் இருக்கே. இதுக்கு?" என்றார். அப்பா எழுத்தைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது, ச. செண்பகவல்லி, பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே இருந்தாள். "பா," என்றாள். அவர் எழுதிக்கொண்டே, கையோடு வாயும் ஓடுகிற பழக்கத்தில், "சார் பேரா? சார் எங்க வேல பாக்காங்க?" என்று கேட்டார். "அவரு இல்ல. பால்பாண்டின்னு பேரு. இறந்து மூணு வருசம் ஆச்சு." பேனா நின்றது. அவர் முதல்தடவையாக நிமிர்ந்து கண்ணாடிக்கு மேலாக அவள் முகத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், பிறகு பானையில் பூங்கோதை, இளமாறன் என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். "கல்யாணச் சாமானாச்சேம்மா," என்றார் மெதுவாக. "எந்தப் பேரையும் வெட்டுறதுக்கு எனக்கு என்ன. ஆனா நாளைக்கு யாரும் ஒண்ணு சொல்லிரக் கூடாதுல்லா. மை இன்னும் காயல. தொடைச்சா போயிரும்." பக்கத்திலிருந்த பழந்துணியைக்கூட எடுத்துவிட்டார். செண்பகவல்லி அந்தத் துணியை அவர் கையிலிருந்து வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லட்டும்ணே," என்றாள். "மொதல்ல அதையே வெட்டுங்க." அவர் அவளை இன்னொருதரம் பார்த்துவிட்டு, பானையைச் சுழற்றி அந்த இடத்தை மேலே கொண்டுவந்து, மெசினின் பொத்தானை அழுத்தினார். டிர்ர்ரென்ற சத்தத்தில் கடையே அதிர்ந்தது. முள் செம்பில் இறங்கி, பால்பாண்டியின் எழுத்தைச் சுற்றி வளைத்து, கோட்டை இழுத்து, புள்ளி வைத்தது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.